பத்து சதவீத உயர்வு, கையில் 72 ரூபாய்

ஏப்ரல் தொடங்கி ஜூலை வரைக்கும் தனியார் நிறுவனங்களில் இன்கிரிமென்ட் லெட்டர் வரும் காலம். பெரும்பாலும் ஒன்றரைப் பக்கம்தான் இருக்கும். முதல் பத்தியில் பாராட்டு. அடுத்த பத்தியில் புதிய ஆண்டுச் சம்பளமும், அது எந்தத் தேதியிலிருந்து என்பதும். கடைசியில் பின்னிணைப்பாக ஒரு பட்டியல். வாங்கியவரின் கண் சதவீதத்தைத் தேடிப் போய்விடும். வங்கிக் கணக்கில் எவ்வளவு விழும் என்பதோ அந்தப் பின்னிணைப்பில்தான் இருக்கிறது. அதை ஒருமுறை பொறுமையாகக் கூட்டிக் கழித்துப் பார்ப்போம்.

கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனம், அதில் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஆண்டு சி.டி.சி. 4,80,000 ரூபாய். இந்த ஆண்டு அது 5,28,000 ஆகிறது என்று கடிதம் சொல்கிறது. சரியாகப் பத்து சதவீதம். மாதக் கணக்கில் 40,000 என்பது 44,000 ஆகிறது. வீட்டில் எல்லோரும் மாதம் நாலாயிரம் கூடுதலாக வரும் என்றுதான் நினைப்பார்கள்.

சி.டி.சி. என்பது நிறுவனம் ஒருவருக்காகச் செலவு செய்யும் மொத்தத் தொகை. அதில் சம்பளமும் இருக்கும். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும், பிற்காலத்தில் தர வேண்டிய பணிக்கொடைக்கான ஒதுக்கீடும் இருக்கும். பழைய 40,000 இப்படிப் பிரிந்திருந்தது: பேசிக் 16,000, வீட்டு வாடகைப்படி 8,000, நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 1,920, பணிக்கொடை ஒதுக்கீடு 770, மீதி 13,310 சிறப்புப்படி. பேசிக், வாடகைப்படி, சிறப்புப்படி மூன்றும் சேர்ந்து 37,310. அதில் ஊழியரின் பங்காக பி.எஃப். 1,920 பிடித்தது போக அவர் கைக்கு வந்தது 35,390. தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குப் போவது என்பதால் இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

இப்போது புதிய பட்டியல். பேசிக் 22,000. வாடகைப்படி 11,000. நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 2,640. பணிக்கொடை ஒதுக்கீடு 1,058. இதுவரை இல்லாத ஒரு வரி புதிதாக வந்திருக்கிறது: செயல்திறன் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 26,400, அதாவது மாதத்துக்கு 2,200. இவையெல்லாம் போக சிறப்புப்படிக்கு மிஞ்சுவது 5,102. மாதாமாதம் பே ஸ்லிப்பில் வரக்கூடியவை மட்டும் சேர்ந்தால் 38,102. அதில் ஊழியரின் பி.எஃப். 2,640 கழிந்தால் கைக்கு 35,462. பழைய தொகையைவிட 72 ரூபாய் அதிகம்.

கணக்கில் தவறு இல்லை. கூடுதலாக வந்த 4,000 ரூபாயில் 2,200 ஊக்கத்தொகைக்குப் போயிருக்கிறது. நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 720 ஏறியிருக்கிறது, ஊழியரின் பங்கும் அதே அளவு ஏறியிருக்கிறது. பணிக்கொடைக்கு 288. மிச்சம்தான் அந்த 72.

பேசிக் ஏன் இப்படித் தாவியது? கடிதத்தில் 'சம்பள அமைப்பு மாற்றியமைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி இருக்கும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், ஊதியம் என்று கணக்கிடப்படுவது மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறையக் கூடாது என்ற விதி இருக்கிறது. விலக்குப் பெற்ற படிகள் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் ஊதியத்தோடு சேர்த்தே பி.எஃப்., பணிக்கொடை போன்றவற்றைக் கணக்கிட வேண்டும். பேசிக்கைக் குறைவாக வைத்துப் படிகளை ஊதிப் பெருக்கியிருந்த நிறுவனங்கள் பல, இதனால் பேசிக்கைப் பாதி அளவுக்கு உயர்த்துகின்றன. காரணம் நியாயமானதுதான். ஆனால் சட்டத்துக்காகச் செய்த மாற்றத்தையும் உழைப்புக்காகத் தந்த உயர்வையும் ஒரே கடிதத்தில் போட்டு ஒரே சதவீதமாகச் சொல்லும்போது, எது எவ்வளவு என்று ஊழியருக்குத் தெரியாமல் போகிறது. இரண்டையும் தனித்தனியாக எழுதிக் காட்டுவது நிறுவனத்தின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

கையில் வராத தொகை முழுவதும் இழப்பு என்றும் சொல்லிவிட முடியாது. பி.எஃப்.புக்குப் போன இரண்டு 720-உம் சேர்ந்து மாதம் 1,440 ரூபாய் அவர் பெயரிலேயே சேர்கிறது. நிறுவனத்தின் பங்கிலிருந்து ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும் பகுதிக்கு மாதம் 1,250 என்ற உச்சவரம்பு இருப்பதால், புதிதாக ஏறிய தொகை முழுவதும் பி.எஃப். கணக்குக்கே வரும். வீட்டுக் கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் நெருக்கும் குடும்பத்துக்கு இது இப்போது உதவாது என்பது உண்மை. சட்டப்படி கட்டாயப் பங்களிப்பு 15,000 ரூபாய் ஊதியம் வரைக்கும்தான். அதனால் சில நிறுவனங்கள் 1,800 ரூபாயோடு நிறுத்திக்கொள்கின்றன. உங்கள் நிறுவனம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று ஹெச்.ஆர். பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பணிக்கொடையில்தான் யாரும் கவனிக்காத ஒரு லாபம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தில் 26-இல் 15 பங்கு என்று அது கணக்கிடப்படுகிறது. 'கடைசியாக வாங்கிய' என்பதைக் கவனிக்க வேண்டும். பேசிக் 16,000 ஆக இருந்தபோது, ஆறு ஆண்டுப் பணிக்கு அவருக்குச் சேர்ந்திருந்தது சுமார் 55,385 ரூபாய். பேசிக் 22,000 ஆனதும் அதே ஆறு ஆண்டுகளுக்கு 76,154 ரூபாய். கடந்துபோன ஆண்டுகளுக்கும் சேர்த்து உரிமை ஏறக்குறைய 20,769 ரூபாய் கூடியிருக்கிறது. பட்டியலில் இருக்கும் 288 ரூபாய் இதைக் காட்டாது. ஆனால் நிரந்தர ஊழியராக இருப்பவர் ஐந்து ஆண்டுகளை முடிக்கும் முன் வேலையை விட்டால் பணிக்கொடை கிடையாது. சேர்ந்து ஓராண்டு ஆனவருக்கு அந்த 288 ரூபாய் இப்போதைக்கு ஏட்டில் மட்டுமே இருக்கும் தொகை.

மிச்சமிருக்கும் 2,200 ரூபாய் ஊக்கத்தொகை வேறு ரகம். அது வரலாம், வராமலும் போகலாம். நிறுவனத்தின் லாபம், ஊழியரின் மதிப்பெண், வழங்கும் நாளில் அவர் பணியில் இருக்கிறாரா என்பது, சில இடங்களில் ராஜினாமா கொடுத்து நோட்டீஸ் காலத்தில் இருக்கிறாரா என்பதுகூட அதைத் தீர்மானிக்கும். இந்த எடுத்துக்காட்டில் உயர்வின் பாதிக்கும் மேற்பட்ட தொகை இப்படி நிபந்தனையோடு நிற்கிறது. எனவே இதை உறுதியான பத்து சதவீத உயர்வு என்று சொல்வது சரியில்லை. ஊக்கத்தொகையை நீக்கிப் பார்த்தால் உறுதியாக உயர்ந்தது மாதம் 1,800 ரூபாய், அதாவது நாலரை சதவீதம்.

அடுத்து அமலுக்கு வரும் தேதி. கடிதத்தின் தலைப்பில் ஜூன் 20 என்று இருக்கும். உள்ளே 'ஏப்ரல் 1 முதல்' என்று இருக்கும். அப்படியானால் ஏப்ரல், மே மாதங்களுக்கான வித்தியாசம் அரியர்ஸாக வர வேண்டும். நம் ஊழியருக்கு மாதம் 792 வீதம் 1,584 ரூபாய் அரியர்ஸ். அந்தத் தொகைக்கும் பி.எஃப். உண்டு, பேசிக் ஏறியதற்கான கூடுதல் பிடித்தம் 1,440 போக, கையில் வருவது 144. ஜூன் மாதப் பே ஸ்லிப்பில் அரியர்ஸ் தனி வரியாக இருக்கிறதா, பி.எஃப். பாஸ்புக்கில் அதற்கான பங்கு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அரியர்ஸ் முந்தைய நிதியாண்டுக்கு உரியதாக இருந்து, அதனால் வரி கூடினால், வருமான வரிச் சட்டத்தில் அதற்கு நிவாரணம் உண்டு. கணக்குத் தாக்கல் செய்யும் முன் தனிப் படிவம் கொடுத்துக் கேட்டால்தான் அது கிடைக்கும்.

குறைந்த சம்பளக்காரர்களுக்கு இந்தத் தேதி இன்னும் முக்கியம். இ.எஸ்.ஐ. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் அந்தக் காப்பீட்டில் இருக்க முடியும். பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என இரண்டாகப் பிரிந்திருக்கிறது. 20,500 வாங்கியவருக்கு ஏப்ரல் 1 முதல் 21,400 என்றால் அந்தப் பங்களிப்புக் காலத்தின் தொடக்கத்திலேயே அவர் வெளியே வந்துவிடுவார். அதே உயர்வு மே 1 முதல் என்றால், இடையில் வரம்பைத் தாண்டியவர் என்ற வகையில் செப்டம்பர் 30 வரை தொடர்வார். அந்தக் காலத்துப் பங்களிப்புக்கான பலன் காலம் அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை. சம்பளத்தில் அவருடைய பிடித்தம் 0.75 சதவீதம்தான், மாதம் 150 ரூபாய்க்குச் சற்று மேல். அதற்குக் குடும்பத்துக்கே மருத்துவம் கிடைத்துவந்தது. வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெற்றோரோ பிரசவத்துக்குக் காத்திருக்கும் மனைவியோ இருந்தால், மாதம் 900 ரூபாய் உயர்வு அந்த இழப்பை ஈடுகட்டாது. வரம்பைத் தாண்டும் ஊழியருக்குக் குழு மருத்துவக் காப்பீடு எந்த நாளிலிருந்து தொடங்கும் என்பதைக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

காரணம் சொல்லும் பத்தியையும் தாண்டிப் போய்விடக் கூடாது. ஆண்டு மதிப்பீடு, பதவி உயர்வு, சந்தை நிலவரத்துக்கேற்ற திருத்தம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பதவி உயர்வு என்றால் கிரேடு மாறும். அதோடு நோட்டீஸ் காலமும் இரண்டு மாதத்திலிருந்து மூன்றாக மாறலாம். 'மற்ற நிபந்தனைகளில் மாற்றம் இல்லை' என்று முடிந்தால் பழைய நியமனக் கடிதம் அப்படியே நிற்கிறது. 'புதிய கிரேடுக்குரிய விதிகள் பொருந்தும்' என்று இருந்தால், அந்த விதிகளை வாங்கிப் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

புரியாதது எதுவாக இருந்தாலும் ஹெச்.ஆர். பிரிவுக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். 'சார், பழைய சம்பளத்தையும் புதிய சம்பளத்தையும் வரி வரியாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கைக்கு வரும் தொகையோடு அனுப்ப முடியுமா? ஊக்கத்தொகைக்கான நிபந்தனைகளையும் சேர்த்து அனுப்புங்கள்' என்று இரண்டு வரி எழுதினால் போதும். வாய்மொழியாக வரும் பதிலை நம்பி இருக்க வேண்டாம். வந்த பதிலையும் கடிதத்தையும் சொந்த மின்னஞ்சலில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிறுவனம் கடைசி இன்கிரிமென்ட் லெட்டரைக் கேட்கும். பணிக்கொடைக் கணக்கில் தகராறு வந்தால் உங்கள் பேசிக் எந்தத் தேதியில் மாறியது என்பதற்கு அதுவே சாட்சி. வேலையை விட்ட நாளில் அலுவலக மின்னஞ்சல் மூடப்பட்டுவிடும்.