கட்டணம் செலுத்துவோரும் வங்கிக் குறியீடுகளும்

நாக்பூரில் வாழும் ஓர் அலுவலர் தம் மகளைப் போபாலில் உள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்க்க விழைகிறார் எனக் கொள்வோம். கல்லூரியின் கையேடு, கல்விக் கட்டணம் ரூ. 1,62,500-ஐயும் விடுதிக் கட்டணம் ரூ. 48,000-ஐயும் தனித்தனி எண்களைக் குறிப்பிட்டு இணைய வழியே செலுத்துமாறு கூறுகிறது. கணக்கு எண்ணும், அதன் கீழே SYNB என்னும் எழுத்துகளில் தொடங்கும் பதினோரு இடக் குறியீடு ஒன்றும் அச்சிடப்பட்டுள்ளன. செலுத்துவதற்குரிய கடைசி நாள் மாலை ஐந்து மணி. அலுவலர் நான்கு மணிக்குத் தம் வங்கியின் இணையப் பக்கத்தைத் திறக்கிறார். அங்கே அவர் இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது: NEFT, RTGS. அந்தத் தேர்வுக்கு முன்னரே, கையேட்டில் கண்ட குறியீட்டைப் பக்கம் ஏற்க மறுக்கிறது.

முதலில் அந்தக் குறியீட்டைக் காண்போம். ஐ.எஃப்.எஸ்.சி. எனப்படும் இது 'இந்திய நிதி முறைமைக் குறியீடு' என்னும் பொருளுடையது. இது யாரையும் குறிப்பதன்று, எந்தக் கணக்கையும் குறிப்பதன்று. ஒரு வங்கியின் ஒரு கிளையை மட்டுமே குறிப்பது. அஞ்சல் ஊழியருக்குப் பின்கோடு எத்தகையதோ, பணம் மாற்றும் முறைக்கு இது அத்தகையது. பின்கோட்டைக் கொண்டு ஊரை அறியலாமேயன்றி வீட்டை அறிய இயலாது. வீட்டைக் காட்டுவது கணக்கு எண்.

பதினோரு இடங்களில் முதல் நான்கு, வங்கியைக் குறிக்கும் எழுத்துகள். SBIN என்றால் பாரத ஸ்டேட் வங்கி, PUNB என்றால் பஞ்சாப் நேஷனல் வங்கி, CNRB என்றால் கனரா வங்கி. ஐந்தாவது இடத்தில் எப்போதும் சுழியம் நிற்கும். வருங்காலத் தேவைக்காக அது ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. கடைசி ஆறு இடங்கள் கிளையைக் குறிப்பவை. இவை பெரும்பாலும் எண்களே எனினும், இந்தியன் வங்கியின் பல குறியீடுகளில் உள்ளது போல் எழுத்தும் கலந்து வருவதுண்டு. புதுதில்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் குறியீடு SBIN0000691 ஆகும். இதில் வங்கியின் பெயருக்கு அடுத்து நிற்கும் சுழியத்தை 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தாகத் தட்டுவோர் ஏராளம். ஐந்தாம் இடம் எழுத்தாக இருக்கவே இயலாது என்பதை நினைவிற்கொண்டால் இப்பிழை நேராது.

காசோலையின் அடியில் காணும் ஒன்பது இலக்க எண்ணை இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. அது காசோலைகளைப் பொறியால் பிரிப்பதற்கென ஏற்பட்டது. மூன்று இலக்கங்கள் நகரையும், மூன்று வங்கியையும், மூன்று கிளையையும் காட்டும். இணையப் பணமாற்றத்தில் கேட்கப்படுவது இதுவன்று.

அலுவலரின் குறியீடு ஏன் மறுக்கப்பட்டது? SYNB என்பது சிண்டிகேட் வங்கியின் அடையாளம். 2020 ஏப்ரல் 1 அன்று அவ்வங்கி கனரா வங்கியுடன் இணைக்கப்பட்டது. அதன் பழைய குறியீடுகள் 2021 ஜூன் 30 வரையே செல்லுபடியாயின. அதன் பின்னர் கிளை எண்ணுடன் பத்தாயிரத்தைக் கூட்டி, முன்னெழுத்துகளை மாற்றிப் புதிய குறியீடுகள் வழங்கப்பட்டன. SYNB0003687 என்றிருந்தது CNRB0013687 ஆயிற்று. அதே நாளில் ஓரியண்டல் வணிக வங்கி, யுனைடெட் வங்கி, ஆந்திரா வங்கி, கார்ப்பரேஷன் வங்கி, அலகாபாத் வங்கி ஆகியனவும் வெவ்வேறு வங்கிகளுடன் இணைந்தன. பழைய கையேடுகளையும் பழைய ரசீதுகளையும் பார்த்துக் குறியீட்டை எழுதுவோருக்கு இது இன்றும் இடர் தருவதாகவே உள்ளது. கூட்டிக் கழித்துத் தாமே புதிய குறியீட்டை உருவாக்கிக்கொள்வதினும், கல்லூரி அலுவலகத்திடம் நடப்புக் குறியீட்டைக் கேட்டறிவதோ, ரிசர்வ் வங்கியின் இணையத்தளத்திலுள்ள பட்டியலில் சரிபார்ப்பதோ நன்று. கிளைகளும் இணைக்கப்படுவது உண்டாதலால், கணக்கு கல்லூரியுடையதே ஆயினும் அது இருக்கும் கிளை மாறியிருக்கக் கூடும்.

அலுவலர் கல்லூரியைத் தொலைபேசியில் அழைத்துப் புதிய குறியீட்டைப் பெற்றார் எனக் கொள்வோம். அடுத்தது, இரு வழிகளில் ஒன்றைத் தெரிவது.

என்.ஈ.எஃப்.டி. என்பது 'தேசிய மின்னணு நிதி மாற்றம்'. 2005 நவம்பரில் தொடங்கியது. ஆர்.டி.ஜி.எஸ். என்பது 'நிகழ்நேர மொத்தத் தீர்வு'. அதற்கு முன்னரே, 2004 மார்ச்சில் தொடங்கியது. இரண்டையும் நடத்துவது ரிசர்வ் வங்கியே. இரண்டிலும் பணம் ஈற்றில் மாறுவது, வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வைத்துள்ள கணக்குகளுக்கிடையேதான். மாறும் முறையில்தான் வேறுபாடு.

'மொத்தத் தீர்வு' என்னும் தமிழ்ப்பெயர் படிப்போரை மயக்கக் கூடியது. பலவற்றைச் சேர்த்துத் தீர்ப்பது போல் அது ஒலிக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. கழித்துக் கணக்கிடாமல், ஒவ்வொரு பணமாற்றத்தையும் முழுத் தொகையாகத் தனித்தனியே தீர்ப்பது என்பதே இங்குப் பொருள். சேர்த்துத் தீர்ப்பது என்.ஈ.எஃப்.டி.தான். ஓர் அரைமணியில் ஒரு வங்கியின் வாடிக்கையாளர்கள் மற்றொரு வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு ரூ. 60 இலட்சம் அனுப்புகின்றனர். மறு திசையில் ரூ. 52 இலட்சம் வருகிறது. இவற்றைக் கழித்து எஞ்சும் ரூ. 8 இலட்சம் மட்டும் வங்கிகளுக்கிடையே கைமாறும். எல்லா வங்கிகளுக்கும் சேர்த்து இத்தகைய கணக்கை ஒவ்வோர் அரைமணிக்கும் ஒரு தொகுதியாக முடிக்கின்றனர். நாளொன்றுக்கு 48 தொகுதிகள். ஆர்.டி.ஜி.எஸ்.-இல் காத்திருக்கும் தொகுதி என ஒன்றில்லை. ஆணை வந்தவுடன் அந்த ஒன்று மட்டும் தீர்க்கப்படுகிறது. அங்ஙனம் தீர்ந்த தொகையைத் திரும்ப அழைக்க இயலாது.

முன்னாளில் இவ்விரண்டும் வங்கி வேலை நேரத்திலும் வேலை நாட்களிலும் மட்டுமே இயங்கின. 2019 டிசம்பர் 16 முதல் என்.ஈ.எஃப்.டி.யும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்.டி.ஜி.எஸ்.-உம் ஆண்டு முழுவதும் இரவும் பகலும் இயங்குகின்றன. ஆகவே, 'இன்று ஞாயிறு, நாளைதான் போகும்' என்னும் பழைய எண்ணத்திற்கு இப்போது இடமில்லை. சேமிப்புக் கணக்கு வைத்திருப்போர் இணையத்தில் தாமே தொடங்கும் என்.ஈ.எஃப்.டி.க்கு 2020 தொடக்கம் முதல் வங்கிகள் கட்டணம் பெறுவதுமில்லை.

ஆர்.டி.ஜி.எஸ். பெருந்தொகைகளுக்கென ஏற்பட்டது, அதன் கீழ் வரம்பு ரூ. 2 இலட்சம். என்.ஈ.எஃப்.டி.க்கு ரிசர்வ் வங்கி கீழ் வரம்போ மேல் வரம்போ விதிக்கவில்லை. ஆனால் இணையத்தில் நாளொன்றுக்கு இவ்வளவே அனுப்பலாம் என அந்தந்த வங்கி தன் அளவை வகுத்திருக்கும். நமது அலுவலர் செலுத்த வேண்டிய இரு தொகைகளும் சேர்ந்தால் ரூ. 2,10,500 ஆகும், ஒரே தொகையாக அனுப்பினால் விரைவான வழி அவருக்குத் திறந்திருக்கும். ஆனால் கல்லூரி தனித்தனி எண்களுடன் கேட்டிருப்பதால், இரண்டும் ரூ. 2 இலட்சத்திற்குக் கீழே நிற்கின்றன, என்.ஈ.எஃப்.டி. ஒன்றே வழி. விரைவு கருதி அவர் சேர்த்து அனுப்பியிருந்தால், எது எதற்கு வந்தது என அறியாமல் கல்லூரியின் கணக்குப் பிரிவு அத்தொகையை இனந்தெரியாத வரவாக வைத்திருக்கும்.

இனி நேரக் கணக்கு. புதிய பெறுநரைப் பதிவு செய்தவுடன் பெருந்தொகை அனுப்பப் பல வங்கிகள் இசைவதில்லை. சில மணி நேரம் பொறுத்திருக்கச் செய்கின்றன. இத்தடை அலுவலருக்கு நேரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அவர் 4.20-க்கு இட்ட ஆணை 4.30 தொகுதியில் சேரும். தொகுதி தீர்ந்த பின், பெறும் வங்கி அதனை உரிய கணக்கில் வரவு வைக்க இரண்டு மணி நேரம் வரை பெறுகிறது, அதாவது 6.30 வரை. நடைமுறையில் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரவாகிவிடும். ஆயினும் விதி அளிக்கும் நேரம் இதுவாதலால், ஐந்து மணிக்கெல்லாம் வரவாகும் என யாரும் உறுதி கூற முடியாது. அவர் கணக்கில் பற்று எழுதப்பட்டதைக் காட்டும் செய்தி, கல்லூரிக் கணக்கில் வரவானதற்குச் சான்றாகாது. ஆர்.டி.ஜி.எஸ்.-இல் இந்த அவகாசம் அரைமணி நேரமே.

கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் என்ன ஆகும்? அப்படியோர் எண்ணே அவ்வங்கியில் இல்லையெனில் இடரில்லை. பெறும் வங்கி அத்தொகையைத் திருப்பி அனுப்பும். அந்த எண் வேறொருவருடையதாக இருப்பின் பணம் அவர் கணக்கில் சேர்ந்துவிடும். பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா என ஒப்பிட்ட பின்னரே வரவு வைப்பார்கள் எனப் பலரும் நம்புகின்றனர். கணக்கு எண்ணை மட்டும் கொண்டு வரவு வைக்கலாம் என்பதே ரிசர்வ் வங்கி 2010-இல் விடுத்த நெறிமுறை. எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு அனுப்புபவருடையது. எண்ணை இருமுறை எழுதுமாறு வங்கிப் பக்கம் கேட்பதன் காரணம் இதுவே. 2025 ஏப்ரல் முதல், பணம் அனுப்பும் முன்னரே கணக்குக்கு உரியவரின் பெயரை வங்கியின் பதிவிலிருந்து காட்டும் ஏற்பாட்டை இவ்விரு முறைகளிலும் வங்கிகள் தர வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்துள்ளது. திரையில் தோன்றும் பெயர் கல்லூரியின் பெயர்தானா என ஒரு கணம் நின்று நோக்குவது, பின்னர் மாதக்கணக்கில் அலைவதைத் தவிர்க்கும்.

கிளைக் குறியீட்டில் நேரும் பிழையின் விளைவு வேறு வகையானது. வேறு வங்கியின் குறியீட்டை எழுதிவிட்டால், அவ்வங்கியில் அந்தக் கணக்கு எண் பெரும்பாலும் இராது, பணம் திரும்பும். ஒரே வங்கியின் வேறு கிளையை எழுதினால், கணக்கு எண் அவ்வங்கி முழுமைக்கும் பொதுவாக அமைந்திருக்குமிடத்துப் பணம் சரியாகச் சேர்வதுண்டு. சில இடங்களில் மறுக்கப்படுவதுமுண்டு. இதனை நம்பி அருகிலுள்ள ஏதோவொரு கிளையின் குறியீட்டை எழுதுவது முறையன்று.

பணம் அனுப்பியவுடன் திரையில் தோன்றும் யு.டி.ஆர். எண்ணைக் குறித்து வைத்தல் வேண்டும். ஆர்.டி.ஜி.எஸ்.-இல் இது 22 இடங்கள் கொண்டது. அனுப்பும் வங்கியின் நான்கு எழுத்துகளும் ஆணை இட்ட தேதியும் அதனுள்ளேயே அடங்கும். என்.ஈ.எஃப்.டி.க்குரிய எண் இதனினும் சிறியது. வரவு காணவில்லை எனக் கல்லூரி கூறும்போது, தொகையையும் தேதியையும் மட்டும் சொல்லிப் பயனில்லை. அதே நாளில் அதே தொகையை நூறு பேர் அனுப்பியிருப்பர். அந்த எண்ணைத் தந்தால் பெறும் வங்கி தன் பதிவில் அந்த ஒரு வரவைத் தேடி எடுத்துவிடும். குறித்த நேரத்துக்குள் வரவு வைக்காமலும் திருப்பாமலும் பெறும் வங்கி தாமதித்திருந்தால், ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தின் மேல் இரண்டு விழுக்காடு சேர்த்து, தாமதித்த காலத்துக்கு வட்டி தர அது கடமைப்பட்டுள்ளது. இதனை வாடிக்கையாளர் கேட்டுப் பெற வேண்டியதில்லை, வங்கி தானே அளிக்க வேண்டும் என்பது விதி. நாக்பூர் அலுவலரின் தொகை ஆறு மணிக்குள் வரவானால் அவ்வட்டிக்கு இடமில்லை. கல்லூரி கேட்கும் தாமதக் கட்டணத்தை அவர்தாம் செலுத்த வேண்டியிருக்கும்.