நுரை நிறைய வந்தா பால் கெட்டியா?

டீக்கடை கிளாஸ்ல நுரை ரெண்டு விரல் உயரம் நின்னா, "பால் கெட்டி"ன்னு நினைச்சுக்கிறோம். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் விஷயத்துல இது தலைகீழ். அது ஏன்னு இந்த எபிசோட்ல பார்ப்போம்.

முதல்ல கரைக்கிற கணக்கு. 90 கிராம் பவுடர், 910 மில்லி தண்ணி. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பால் கிடைக்கும். தண்ணி கைக்கு இதமான சூட்டுல, சுமார் 45 டிகிரியில இருக்கணும். கொதிக்கிற தண்ணியில கொட்டினா, பவுடரின் வெளிப்பக்கம் உடனே பசையாகி உள்ளே ஈரம் போகாம தடுத்துடும். அதுதான் கட்டி. கொஞ்சம் கொஞ்சமா தூவி, கலக்கிட்டே இருக்கணும்.

கரைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அரை மணி நேரம் விடுங்க. புரதத் துகள்கள் தண்ணியை உறிஞ்ச நேரம் வேணும். உடனே அடுப்பில் ஏத்தினா, ஊறாத துகள்கள் அடியில் படிஞ்சு பிடிக்கும். டீயில் தீஞ்ச வாசனை வந்தா முதல்ல இதைச் சந்தேகப்படுங்க.

இப்ப நுரைக்கு வருவோம். டீயை ஆத்தும்போது காற்று உள்ளே போய்க் குமிழி ஆகுது. குமிழியைச் சுத்திப் புரதம் ஒரு மெல்லிய சவ்வு மாதிரி நின்னு அதைக் காப்பாத்தும். சூட்டில் உருகின கொழுப்பு அந்தச் சவ்வுக்குள் புகுந்து உடைக்கும். பவுடர் பாலில் புரதம் அப்படியே இருக்கு, உடைக்கிற கொழுப்பு இல்லை. அதனால நுரை உயரமா வருது, நிற்கவும் செய்யுது.

ஆனா நாக்குக்குத் தெரிஞ்சிடும். 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்ட் பால் ஒரு லிட்டரில் சுமார் 30 கிராம் கொழுப்பு. நம்ம பவுடர் பாலில் ஒன்றரை கிராம்கூட இல்லை. நிறம் சரியா இருக்கும், வாய்ல மட்டும் தண்ணியா இருக்கும். சரிக்கட்ட பவுடரை அதிகமாக்கினா, பால் சர்க்கரையும் கூடி ஒரு மாதிரி தித்திப்பு வரும், அடியும் சீக்கிரம் பிடிக்கும். வெண்ணெய் போட்டா எண்ணெயா மிதக்கும்.

செய்யக்கூடியது, பாதிக்குப் பாதி கலக்கிறது. ஒரு லிட்டர் டோன்ட் பாலோட ஒரு லிட்டர் பவுடர் பால் சேர்த்தா, லிட்டருக்குச் சுமார் 16 கிராம் கொழுப்பு. டபுள் டோன்ட் பால் அளவுக்கு வந்துடும்.

பேக்கரியில கதை வேற. பன் மாவில் பவுடரைத் தண்ணியில் கரைக்காம மாவோடயே கலக்கலாம். பால் சர்க்கரையை ஈஸ்ட் சாப்பிடாது. அது மிச்சமாகி, மேல்தோலுக்குப் பழுப்பு நிறம் தரும். ஆனா தயாரிப்பில் அதிகம் சூடாக்காத பவுடர்னா, அதிலிருக்கிற மோர்ப் புரதம் மாவைத் தளர்த்தி, ரொட்டி உயராம பண்ணிடும். ரொட்டிக்கு 'ஹை ஹீட்' வகையைக் கேட்டு வாங்கணும்.

கடைசியா ஒரு சோதனை. பாலைக் காய்ச்சி ஆறவிடுங்க. மேலே தடிமனான ஆடை படிஞ்சா கொழுப்பு இருக்கு. வெறும் மெல்லிய தோல்னா, நுரை எவ்வளவு வந்தாலும் அது கெட்டிப் பால் இல்லை.