பாடசாலைச் சப்பாத்தும் வளரும் பாதமும்

புதிய கல்வியாண்டு நெருங்கும் நாட்களில் எமது நகரங்களின் பாதணிக் கடைகளில் ஒரே விதமான உரையாடலைக் கேட்க முடிகின்றது. கடை ஊழியர் பிள்ளையின் காலில் ஒரு சப்பாத்தை மாட்டி, அளவு சரியாக இருக்கின்றது என்கிறார். "வளருகிற பிள்ளைதானே, இரண்டு இலக்கம் பெரிதாகத் தாருங்கள்" என்கிறார் தாய். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் பாடசாலை செல்வார்களாயின், சப்பாத்துக்கென ஒதுக்கப்படும் தொகை சிறியதல்ல. ஆகவே அந்தத் தாயின் கணக்கை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அக்கணக்கு உண்மையில் பணத்தை மீதப்படுத்துகின்றதா என்பது ஆராயப்பட வேண்டியதாகும்.

ஐந்து வயதிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு வயது வரை பிள்ளையின் பாதம் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 9 மில்லிமீற்றர் அளவில் நீளுகின்றது. ஆண் பிள்ளைகளில் இவ்வளர்ச்சி மேலும் ஓரிரு ஆண்டுகள் தொடரும். எமது கடைகளில் வழங்கும் பிரித்தானிய அளவு முறையில் ஓர் இலக்கத்திற்கும் அடுத்த இலக்கத்திற்கும் இடையிலான வேறுபாடு அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீற்றர். எனவே ஓராண்டு வளர்ச்சி என்பது கிட்டத்தட்ட ஓர் இலக்கமே. இரண்டு இலக்கம் பெரிதாக வாங்குபவர், இரண்டாண்டுகளுக்குப் பின்னர் அணிய வேண்டிய சப்பாத்தை இன்றே பிள்ளையின் காலில் மாட்டுகின்றார்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை மாலை வேளையில், காலுறை அணிவித்து, குதிக்கால் சுவரில் படும்படி வெறுந்தரையில் நிற்க வைக்கின்றோம். பகல் முழுவதும் நடந்த பாதம் சற்றுப் பருத்திருக்கும் என்பதாலேயே மாலை வேளை. அமர்ந்திருக்கும்போது பாதம் சுருங்கிவிடும் என்பதால் நின்ற நிலையிலேயே அளக்க வேண்டும். இடது பாதம் 200 மில்லிமீற்றர், வலது பாதம் 203 மில்லிமீற்றர். இரு பாதங்களும் இவ்வாறு வேறுபடுவது வழமையே. பெரியதையே கணக்கில் எடுக்க வேண்டும். அத்துடன் விரல்களின் அசைவுக்கும் வளர்ச்சிக்குமாக 12 மில்லிமீற்றரைச் சேர்த்தால் 215 வருகின்றது. அந்த நீளத்தில் ஒரு விரல் அகலமுள்ள மட்டைத் துண்டொன்றை வெட்டிக் கடைக்குக் கொண்டு சென்றால், பிள்ளையை அழைத்துச் செல்ல முடியாத நாளிலும் அதுவே அளவுகோலாக உதவும்.

மட்டையைச் சப்பாத்தின் உட்புறத்தில் தட்டையாக வைக்கும்போது 13ஆம் இலக்கத்தில் அது வளைந்து எழும்புகின்றது என்று கொள்வோம். அடுத்ததான 1ஆம் இலக்கத்தின் உள்நீளம் ஏறத்தாழ 220 மில்லிமீற்றர். அதில் மட்டை மடியாமல் படுத்து, 5 மில்லிமீற்றர் மீதமும் இருக்கின்றது. அதாவது பெருவிரலுக்கு முன்னால் 17 மில்லிமீற்றர் இடமுண்டு. ஓராண்டின் பின்னர் அது 8 மில்லிமீற்றராகக் குறைந்து, மாற்ற வேண்டிய காலம் வந்துவிடும். தாய் கேட்ட 3ஆம் இலக்கத்திலோ இன்று 34 மில்லிமீற்றர் வெற்றிடம் இருக்கும். இன்று 1ஆம் இலக்கம் தரும் பொருத்தத்தை அது தருவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் செல்லும். ஒரே இலக்கம் பொறித்த சப்பாத்துகள் கூடத் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுவதால், அடியில் உள்ள இலக்கத்தைவிட மட்டையையே நம்புவது நன்று.

அந்த இரண்டு ஆண்டுகளும் சப்பாத்து உயிரோடு இருக்குமா என்பதே அடுத்த கேள்வி. நாம் நடக்கும்போது பாதம் விரல்கள் தொடங்கும் மூட்டில் மடிகின்றது. சப்பாத்தும் அதே இடத்தில் மடியும்படியே வடிவமைக்கப்பட்டுள்ளது. மிகப் பெரிய சப்பாத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மேற்பகுதி தவறான இடத்தில் சுருங்கி வெடிக்கின்றது. குதிக்கால் ஒவ்வோர் அடிக்கும் மேலெழுவதால் பாதம் முன்னோக்கி வழுக்கி, விரல்கள் முனையில் இடிபடுகின்றன. முனையில் பஞ்சு அடைப்பது இவற்றில் எதனையும் தீர்ப்பதில்லை. பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளையின் அடிப்பாகம், பாதம் சப்பாத்தை நிரப்பும் முன்னரே தேய்ந்துவிடுகின்றது. நீண்ட காலம் உழைக்கும் என்ற எண்ணத்தில் வாங்கியது, ஒரு நாளேனும் சரியாகப் பொருந்தாமலே குப்பைக்குச் செல்கின்றது.

அடிப்பாகத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். முனையையும் குதியையும் இரு கைகளாலும் பிடித்து வளைத்தால், முன்பக்க மூன்றிலொரு பகுதியில் மடிய வேண்டும். நடுவில் மடியும் சப்பாத்து பாதத்தைத் தாங்காது. எங்குமே மடியாதது பிள்ளையை இடறச் செய்யும். இறப்பர் அடி ஈரத் தரையில் நன்கு பிடிக்கும். பி.வி.சி. அடி விலை குறைந்ததும் தேய்வதற்குத் தாமதமானதுமாயினும், மழை நாளில் பாடசாலையின் வழுவழுப்பான சீமெந்துத் தரையில் சறுக்கக்கூடியது. பொலியூரித்தேன் என்னும் இலேசான அடி வேறொரு சிக்கலைக் கொண்டது. எமது வெப்பத்திலும் ஈரப்பதனிலும் அது காலப்போக்கில் தானாகவே சிதைகின்றது. மலிவு விற்பனையில் வாங்கி, தம்பிக்கென அலுமாரியில் ஆண்டுக்கணக்கில் வைத்த புதுச் சப்பாத்தின் அடி முதல் நாளிலேயே பொடிப்பொடியாக உதிர்வதற்குக் காரணம் இதுவே. அதனைச் சேமித்து வைப்பதில் பயனில்லை.

கழுவுவதைப் பொறுத்தவரை, வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து எமது பெற்றோருக்குத் தரும் தொல்லை சொல்லி மாளாது. தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்த பின்னர் ஓரங்களில் மஞ்சள் படர்ந்திருக்கும். அது பெரும்பாலும் அழுக்கன்று, அலசப்படாமல் துணியில் எஞ்சிய சவர்க்காரமே. நீர் ஆவியாகும்போது அது மேற்பரப்புக்கு வந்து வெயிலில் நிறம் மாறுகின்றது. நாடாவையும் உள் அட்டையையும் கழற்றிவிட்டு, நுரை முற்றாக நீங்கும் வரை பல முறை அலசி, வெள்ளைத் தாளால் மூடி நிழலில் காயவைத்தால் எஞ்சிய சவர்க்காரம் தாளில் ஊறிவிடும். குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தை ஊற்றுவது நூலை நலிவடையச் செய்து, இறப்பரையும் மஞ்சளாக்கும். கறையின் மேல் வெள்ளை பூசி மறைப்பது ஒரு காலைக்கு உதவும், அவ்வளவே.

வடக்கிலும் கிழக்கிலும் வடகீழ்ப் பருவமழை பெய்யும் நாட்களில், கழுவிய சப்பாத்து ஓர் இரவில் காய்வதில்லை. அவசரத்தில் அடுப்பருகே வைத்தால் பசை இளகி அடி கழன்றுவிடும். ஆகவே வாங்கும்போதே உள் அட்டை கழற்றக்கூடியதா என்று பார்ப்பது நல்லது. அதனைத் தனியாகக் காயவைக்கலாம். ஈரச் சப்பாத்தினுள் பல மணி நேரம் இருக்கும் பாதத்தின் விரலிடுக்குகளில் பூஞ்சணப் புண் தோன்றுவது எளிது. லுஹர் தொழுகைக்கென வுளூச் செய்த பிள்ளை கால்களைத் துடைக்காமல் சப்பாத்தை மாட்டிக்கொள்ளும்போதும் இதுவே நிகழ்கின்றது. பையில் ஒரு சிறு துவாய் போதுமானது. தொழுகைக்கும் பாடசாலைக் கோவில் வழிபாட்டுக்குமெனச் சப்பாத்தைக் கழற்றி மாட்டும் சிறு பிள்ளைகள், அவசரத்தில் பின்பகுதியை மடித்து மிதிக்கும் வழக்கமும் உண்டு. நாடா கட்டத் தெரியாத வயதில் ஒட்டுப் பட்டி உள்ளதே உகந்தது.

அரசாங்கம் தெரிவுசெய்த பாடசாலைகளின் மாணவர்க்கு வழங்கியுள்ள பாதணி வவுச்சர்களைக் கொண்டு வாங்குவோர், கடையில் தகுந்த இலக்கம் இல்லையெனில் இருப்பதைப் பெற்றுக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். வவுச்சரின் காலம் முடிவடையாதிருக்குமாயின் வேறொரு கடையைப் பார்ப்பது மேல்.

சப்பாத்து சிறிதாகிவிட்டதைப் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வதில்லை. அவர்களது பாதம் இன்னும் மென்மையானது, நெருக்கத்துக்குள் வளைந்து கொடுத்துவிடும். ஆகவே தவணைக்கு ஒரு முறை உள் அட்டையைக் கழற்றித் தரையில் வைத்து, அதன் மேல் பிள்ளையை நிற்கச் செய்து பார்க்க வேண்டும். பெருவிரலுக்கும் அட்டையின் முனைக்கும் இடையில் ஒரு பென்சிலின் தடிப்பளவே எஞ்சியிருந்தால், அடி தேயாவிட்டாலும் அந்தச் சப்பாத்து இனி அந்தப் பிள்ளைக்குரியதல்ல.