பின்னணியை மாற்றச் சொல்லி ஒரு கடிதம்

"பின்னணியை வெள்ளையாக்குங்கள்" என்று ஒற்றை வரியில் எழுதினால், படம் இரண்டு மூன்று முறையாவது திரும்பத் திரும்பப் போய்வரும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்கும் ஒரு கடைக்காரர், வீட்டிலிருந்தே படம் திருத்தித் தரும் இளைஞருக்கு இப்படி எழுதலாம்:

"தம்பி, விளக்கை நீலத் துணி முன்னால் வைத்து எடுத்திருக்கிறேன். பின்னணி சுத்த வெள்ளையாக வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255. உச்சியில் அன்னத்தின் அலகுக்கும் கழுத்துக்கும் நடுவே துணி தெரிகிறது, அதையும் வெட்டிவிடுங்கள். அடித்தட்டின் கீழே மெல்லிய நிழல் இருக்கட்டும். தண்டில் படிந்த நீலச் சாயலை எடுங்கள், பித்தளையின் மஞ்சள் மாறக்கூடாது. முதலில் ஒரு படம் மட்டும் செய்து அனுப்புங்கள்."

நிழலை ஏன் கேட்கிறார்? அது இல்லாவிட்டால் விளக்கு அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரியும். நீலச் சாயல்தான் பெரிய தொல்லை. துலக்கிய பித்தளை எதிரில் இருப்பதையெல்லாம் வாங்கிக் காட்டும். பின்னணியை வெட்டினாலும் விளக்கின் மேல் விழுந்த துணியின் நிறம் போகாது. அந்த நிறத்தை மட்டும் மங்கவைக்கலாம். ஆனால் படம் எடுத்தவரின் உருவமே தண்டில் தெரிந்தால், இருபுறமும் வெள்ளை அட்டை நிறுத்தி மறுபடி எடுப்பதுதான் நல்லது.

வந்த படத்தை வெளிச்சம் கூட்டிய திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். விளிம்பில் நீலக் கோடு ஓடினால் வெட்டு சரியில்லை. எந்த இடம் என்று வட்டமிட்டுத் திருப்பி அனுப்பலாம்.