பதின்மூன்றாம் நாளின் பாட்டு

மைசூர் ஐயங்கார் வீடுகளில் ஒருவர் காலமானால் எதைப் பாடுவது என்று ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரும் யாரையும் கேட்டதில்லை. இறுதி யாத்திரை கிளம்பும்போது இராமானுச நூற்றந்தாதி. திருவரங்கத்தமுதனாரின் 108 பாசுரங்களும் அந்தாதி. ஒன்று முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்குவதால், நடந்துகொண்டே சேவிப்பவர்களுக்குப் புத்தகம் தேவைப்படாது. காரியங்கள் முடிந்து பதின்மூன்றாம் நாள் சுபத்தன்று கோஷ்டி கூடும். பிரபந்தம் சேவித்துச் சாற்றுமுறை ஆனதும் இலை போடுவார்கள். சுருதிப்பெட்டி கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. மூத்தவர் எந்த ஸ்தாயியில் எடுக்கிறாரோ அதில் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். மண்டயம் தமிழ் பேசும் அந்தப் பெரியவர்களில் பலர் கையில் இருந்தது கன்னட எழுத்தில் அச்சான பிரபந்தம். இது மைசூருக்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான் விசித்திரமாகத் தோன்றும்.

மற்றத் தமிழர் வீடுகளிலும் தேர்வு என்று ஒன்று இருக்கவில்லை. சைவக் குடும்பங்களில் சங்கும் சேகண்டியும், பிறகு சிவபுராணம். கத்தோலிக்கர்களுக்குத் திருப்பலியே பாட்டை வகுத்துக் கொடுத்தது. அது லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான். அந்த மாற்றமும் மேலிருந்து வந்தது, வீட்டார் கேட்டு வந்ததில்லை.

வீட்டுக்குள் வேறொரு ஓசையைக் கொண்டுவந்தது வானொலி என்று நினைக்கிறேன். பேராசிரியர் எம்.வி.கோபாலசாமி 1935-ல் தன் வீட்டில் தொடங்கிய ஆகாசவாணியின் ஊர் இது. இங்கே காது வானொலியோடு வளர்ந்தது. நாட்டுத் தலைவர் ஒருவர் மறைந்தால் வழக்கமான நிகழ்ச்சிகள் நின்றுபோய் வீணையும் சாரங்கியும் ஷெனாயுமாக நாள் முழுக்க ஓடும். துக்கத்துக்கு என்று ஒரு தனி இசை உண்டு, அது மெதுவாக இருக்கும், அதில் சொல் இருக்காது என்ற எண்ணம் அப்படித்தான் படிந்தது. இன்றைக்கும் நினைவுக் கூட்டம் என்றால் யாராவது ஒருவர் முதலில் சொல்வது, "ஷெனாய் மாதிரி ஏதாவது போட்டுவிடுங்கோ" என்பதுதான்.

இப்போது சுபத்தன்று காலை வீட்டில் கோஷ்டி, மாலை ஒரு சின்ன மண்டபத்தில் ஸ்ரத்தாஞ்சலி என்று நாள் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மாலைக் கூட்டத்தின் அமைப்பு கன்னட நண்பர்களிடமிருந்து வந்தது. அவர்கள் பேச்சை நுடி நமன என்பார்கள், பாட்டைக் கீத நமன. காலையில் வாத்தியாரும் பெரியவர்களும் முடிவு செய்கிறார்கள். மாலையில் முடிவு செய்ய யாருமில்லை. ஆகவே எல்லோரும் முடிவு செய்கிறார்கள்.

சரஸ்வதிபுரத்தில் என் அத்தை எண்பதைத் தாண்டிக் காலமானபோது மாலைப் பாட்டு என் தலையில் விழுந்தது. வரப்போகிறவர்களை எண்ணிப் பார்த்தால்: பிரபந்தம் தவிர வேறெதுவும் காதில் விழக்கூடாது என்கிற பெரியப்பா, வசனங்கள் பாடி வளர்ந்த, லிங்காயத்துக் குடும்பத்திலிருந்து வந்த மருமகள், கடவுள் நம்பிக்கை இல்லாத இளைய மகன், தமிழ் பேசவும் கன்னடம் படிக்கவும் தெரிந்த, தமிழ் எழுத்து தெரியாத பேரன் பேத்திகள், அத்தையிடம் படித்த, இப்போது அறுபதைத் தொடுகிற பழைய மாணவிகள். இவர்களோடு அத்திம்பேர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. 'பாவமன்னிப்பு' (1961) படத்தில் பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடிய அந்தக் காதல் பாட்டு.

இப்படி வேறுபட்டவர்களைச் சேர்த்துப் பாடவைப்பதற்கு நல்ல முன்மாதிரி திருவையாற்றில் இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் இருவருக்கு மைசூர்த் தொடர்பு உண்டு என்பது நம் ஊரில் அதிகம் பேசப்படாத விஷயம். தியாகராஜர் 1847-ல் மறைந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய ஆராதனையைப் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டு கோஷ்டிகள் தனித்தனியே நடத்தின. பெண்கள் பாட அனுமதி இல்லை. நஞ்சன்கூட்டில் பிறந்து மைசூரில் கல்வி கற்ற பெங்களூர் நாகரத்தினம்மா, சமாதி இருந்த இடத்தைத் தன் பணத்தில் வாங்கிக் கோயில் கட்டினார். அங்கேயே தன்னைப் பாட விடாதபோது 1927-ல் பெண்களைத் திரட்டி மூன்றாவது கட்சியைத் தொடங்கினார். ஒரே மனிதரின் நினைவுக்கு மூன்று கூட்டங்கள். 1940-களின் தொடக்கத்தில் மூன்றும் ஒன்றானபோது யார் எவ்வளவு நேரம், எந்த வரிசையில் பாடுவது என்ற சிக்கல் வந்தது. மைசூர் அரண்மனை வித்வானாக இருந்து சாமுண்டாம்பிகை மேல் கிருதிகள் செய்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்றவர்களும் முன்நின்று, பஞ்சரத்தினக் கிருதிகளை எல்லோரும் சேர்ந்து பாடுவது என்ற முறையைக் கொண்டுவந்தார்கள்.

அது ஏன் எடுபட்டது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராகம் ஐந்து. தாளம் ஐந்துக்கும் ஆதி. ஸ்வரமும் சாகித்தியமும் முன்கூட்டியே நிர்ணயமானவை. ஆலாபனையோ நிரவலோ நுழைய இடமில்லாததால் பெரிய வித்வானும் நேற்றுக் கற்றவரும் ஒரே வரியில்தான் நிற்க வேண்டும். தனக்கென்று சங்கதி போட்டால் அவரேதான் தனியாகத் தெரிவார். துக்கமான ராகம் என்ற பேச்சே அதில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நாட்டை கச்சேரி தொடங்குகிற ராகம். அதைத்தான் ஒருவர் மறைந்த நாளில் முதலில் பாடுகிறார்கள்.

நான் எடுத்துக்கொண்டது பஞ்சரத்தினத்தை அல்ல. அது பயிற்சி இல்லாதவர்களுக்கு ஆகாது. அதன் விதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். கூட்டம் சேர்ந்து பாடக்கூடியதற்கு முதலிடம், ஒருவர் அழகாகப் பாடுவதற்கு இரண்டாமிடம். பல்லவி திரும்பத் திரும்ப வருகிற இரண்டு நாமாவளிகள், ஒரு தாசர் பதம், மருமகள் பாடிக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற ஒரு வசனம். ஒவ்வொன்றும் நாலைந்து நிமிஷம். பேச்சோடு சேர்த்து முக்கால் மணிக்கு மேல் போகக்கூடாது, ஏனென்றால் மடக்கு நாற்காலியில் வயதானவர்கள் அதற்கு மேல் உட்கார மாட்டார்கள்.

அடுத்த சிக்கல் சுருதி. பயிற்சி பெற்ற ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள், பெண்கள் ஐந்து ஐந்தரையில். கலந்த கூட்டத்துக்கு இரண்டும் உதவாது. மூன்று கட்டை வைத்து, மேல் ஷட்ஜத்தைத் தாண்டாத மெட்டாகத் தேர்ந்தால் தாத்தாக்களும் குழந்தைகளும் தாக்குப்பிடிக்கலாம். தவறாக எடுத்துவிட்டோம் என்பது சரணத்தில் தெரியும்: குரல் குறையாது, ஆட்கள் குறைவார்கள். அப்போது நிறுத்தி அரைக்கட்டை இறக்கி மறுபடி எடுப்பதில் வெட்கமில்லை. பாட்டுத்தாளை இரண்டு பத்தியாக, இந்தப் பக்கம் தமிழ் எழுத்து, அந்தப் பக்கம் கன்னட எழுத்து என்று அச்சடித்தோம். பெரியப்பாவின் தலைமுறை பிரபந்தத்துக்குச் செய்ததைத்தான் நாங்கள் நாமாவளிக்குச் செய்தோம்.

நம்பிக்கைகளைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் கலந்து சமரசம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. கீபோர்டு வைத்துப் பாசுரம் பாடினால் பெரியப்பாவுக்கும் பிடிக்காது, பேரனுக்கும் ருசிக்காது. காலைக் கோஷ்டியை யாரும் தொடவில்லை, ஒலிபெருக்கிகூட வைக்கவில்லை. மாலையில் பெரியப்பா வருவதும் வராததும் அவர் விருப்பம் என்று முன்பே சொல்லிவிட்டோம். வந்தார். நாமாவளிக்கு வாயசைத்தார், வசனத்துக்குக் கைகட்டிக் கேட்டார். கடவுள் மறுப்பாளரான மகனுக்குப் பாட்டில் பங்கு தரவில்லை. நுடி நமனவில் முதல் பேச்சு அவனுடையது. கடைசியில் மங்களம் பாடலாமா கூடாதா என்பது சில வீடுகளில் நாசூக்கான கேள்வி. சுபம் ஆகிவிட்டதால் பாடலாம் என்று வாத்தியார் சொன்னதை முதல் நாளே கேட்டு வைத்திருந்தேன். மேடையில் நின்று கேட்டால் மூன்று பதில் கிடைக்கும்.

மனநிலையைத் தீர்மானிப்பது இறந்தவரின் வயது. எண்பது தாண்டிய கல்யாணச் சாவுக்கு முகாரியில் அழவைப்பது வந்தவர்களைக் கட்டாயப்படுத்துவது போலாகும். இளம் வயதுச் சாவு என்றால் இந்தப் பட்டியலே செல்லாது. அங்கே சேர்ந்து பாடச் சொல்வது கொடுமை; தம்பூராவோ வீணையோ பதினைந்து நிமிஷம் போதும். மைசூருக்கு இந்த அமைதியான வகையோடு ஒரு பழைய உறவு உண்டு. ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் முதுமையில், மரணத்தை எதிர்நோக்கி எழுதிய 'நான்கு இறுதிப் பாடல்கள்' அவர் மறைந்த மறு வருஷம், 1950 மே 22 அன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் முதன்முதலாக அரங்கேறின. அதற்குப் பண உதவி செய்தவர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார். அந்தப் பாடல்களில் புலம்பல் கிடையாது. களைத்தவர் ஓய்வுக்குப் போகிற நிதானம்தான்.

அத்திம்பேரின் சினிமாப் பாட்டுக்குத்தான் எதிர்ப்பு அதிகம். "சுபத்தன்று காதல் பாட்டா?" என்றாள் பெரியம்மா. அந்தப் பாட்டில் நாயகன் தன் காதலியை வரிசையாக உவமித்துப் புகழ்கிறான். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவர் அதைக் கேட்பதில் என்ன குறை என்பது என் கட்சி. ஆனால் வாதத்தால் வெல்லவில்லை. பேத்தி அதைப் புல்லாங்குழலில் வாசித்தாள். சொல் தெரிந்தவர்களுக்குச் சொல் கேட்டது, தெரியாதவர்களுக்கு மெட்டு மட்டும். ஸ்ரீநிவாஸ் ராஜ்குமாருக்குப் பாடிய குரல் என்பதால் கன்னட நண்பர்களுக்கும் அந்தக் காலம் நினைவுக்கு வந்தது. சர்ச்சைக்குரிய பாட்டு எதுவானாலும் வாத்தியத்துக்கு மாற்றிவிடுவது எனக்குத் தெரிந்த வழிகளில் நல்ல வழி.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆட்கள் வந்து உட்காரும் நேரத்துக்கான வீணையை யாராவது கைப்பேசியில் யூடியூபிலிருந்து நேராகப் போட முன்வருவார்கள். விடாதீர்கள். இரண்டு வீணைக்கு நடுவே சோப்பு விளம்பரம் முழுச் சத்தத்தில் வந்ததை வேறொரு கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். கோப்பாக இறக்கி, கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மண்டபத்துக்கு அரைமணி முன்னால் போய்ச் சத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். பின்வரிசையில் இரண்டு பேர் குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ள முடிந்தால் அளவு சரி.