அசைவு வரைகலைக் குறிப்பும் தமிழ்ச் சொல்வரிசையும்

விளக்கப்படக் காட்சிக்குறிப்பை மொழிபெயர்ப்போர் பெரும்பாலும் உரையை மட்டுமே பெயர்த்து, அசைவு, வண்ணம், நேரம் பற்றிய பத்திகளை மூலத்திலுள்ளவாறே விட்டுவிடுகின்றனர். இது பிழைக்கு இடந்தரும். வயிற்றுப்போக்கிற்குரிய உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கற்பிக்கும் 8 வினாடிக் காட்சி ஒன்றைக் கொள்வோம். வினாடிக்கு 25 சட்டகம் வீதம் 200 சட்டகம். ஆங்கில உரையில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு லிட்டர் நீர் என்பது வரிசை. படங்களும் அவ்வாறே தோன்றும். தமிழிலோ ‘ஒரு லிட்டர் நீரில்’ என்பதே இயல்பாக முன்வரும். குறிப்பைத் திருத்தாவிடின், சர்க்கரை என்று செவியில் விழும்போது திரையில் உப்பு நிற்கும். இரண்டும் வெண்பொடிகள், காண்போர் அளவை மாற்றிக்கொண்டால், உப்பு மிகுந்த அக்கரைசல் குழந்தைக்குத் தீங்காகும்.

ஆதலின் நீர்க்குவளையை முதலில் தோற்றுவித்தல் வேண்டும். சர்க்கரைக்கு மஞ்சள், உப்புக்கு நீலம் என மூலம் பின்னணி வகுத்திருப்பின், வண்ணம் பொருளோடு செல்லவேண்டுமேயன்றி இடத்தோடு நிற்றல் கூடாது. கலக்கும் அசைவு வினைமுற்றுக்கு உரியது. தமிழில் அது இறுதியில் வருவதால், அடுத்த காட்சிக்கான 12 சட்டகக் கரைவில் மறைந்துவிடும். காட்சியை நீட்ட இயலாதபோது ‘கரைத்துக்கொள்ள வேண்டும்’ என்பதைக் ‘கரைக்கவும்’ எனச் சுருக்கினால் கரைவுக்கு முன்பே உரை முடியும்.