சனி ஏழிலா, எட்டிலா?

ஒரே ஜாதகத்தை இரண்டு ஜோதிடர்களிடம் காட்டுகிறீர்கள். ஒருவர், "ஏழாம் அதிபதி சனி எட்டில் மறைந்துவிட்டார், கல்யாணம் தள்ளிப்போகும்" என்கிறார். மற்றவர், "சனி ஏழில்தான் நிற்கிறார், அவருடைய புக்தியிலேயே கல்யாணம் கூடும்" என்கிறார். இரண்டு பேருக்கும் கிரகத்தின் பாகையில் சண்டை இல்லை. மீனத்தில் 20 பாகையில் சனி நிற்பதை இருவருமே ஒப்புக்கொள்கிறார்கள். அந்த 20 பாகை எந்த வீட்டைச் சேர்ந்தது என்பதில்தான் வேறுபாடு. முதலாமவர் ராசிக் கட்டத்தை எண்ணுகிறார், இரண்டாமவர் பிளாசிடஸ் முறையில் வீடு பிரிக்கிறார்.

ராசிக் கட்டத்தை எண்ணுவது நமக்குப் பழகிய முறை. லக்னப் புள்ளி எந்த ராசியில் விழுகிறதோ அந்த ராசி முழுவதும் ஒன்றாம் வீடு. அடுத்த ராசி முழுவதும் இரண்டாம் வீடு. லக்னம் சிம்மத்தில் 1 பாகையானாலும் 29 பாகையானாலும் மீனம் எட்டாம் வீடுதான். மேற்கத்தியர்கள் இதை ‘ஹோல் சைன்’ என்கிறார்கள். 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வெட்டியஸ் வேலன்ஸ் போன்ற கிரேக்க மொழி ஜோதிடர்களின் நூல்களில் இந்த எண்ணிக்கை பரவலாக இருக்கிறது. பின்னால் ஐரோப்பாவில் வழக்கொழிந்து, 1990களில் அந்தப் பழைய நூல்களை மறுபடி மொழிபெயர்க்கத் தொடங்கிய பிறகு அங்கே திரும்பி வந்தது. நம் ஊரில் அது போகவே இல்லை.

பிளாசிடஸ் முறை ராசி எல்லையைக் கண்டுகொள்வதில்லை. 17ஆம் நூற்றாண்டு இத்தாலியத் துறவியும் கணித ஆசிரியருமான பிளாசிடஸின் பெயரால் வழங்குகிறது. இது வானத்தை இடத்தால் பிரிப்பதில்லை, நேரத்தால் பிரிக்கிறது. ராசி மண்டலத்தின் எந்தப் புள்ளியும் கிழக்கே உதித்து உச்சிக்கு வர ஒரு நேரம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் பிறந்த கணத்தில், அந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை முடித்திருக்கும் புள்ளி 12ஆம் வீட்டின் ஆரம்ப முனை. மூன்றில் இரண்டு பங்கை முடித்திருப்பது 11ஆம் வீட்டின் முனை. உச்சிக்கே வந்துவிட்டது 10ஆம் வீட்டின் முனை. அடிவானத்துக்குக் கீழேயும் இதே கணக்குதான். லக்னப் புள்ளியோ ஒன்றாம் வீட்டின் தொடக்கம், அதற்கு முன்னால் உள்ள பாகைகள் லக்ன ராசிக்குள்ளேயே இருந்தாலும் 12ஆம் வீட்டைச் சேர்ந்தவை.

தமிழ்நாட்டில் இந்த முறை வேரூன்றியதற்குக் காரணம் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி. கே.பி. என்று ஜோதிடர்கள் சுருக்கிச் சொல்லும் கிருஷ்ணமூர்த்தி பத்ததி, வெளிநாட்டு பிளாசிடஸ் அட்டவணையை எடுத்து, அயனாம்சத்தைக் கழித்து, நட்சத்திரக் கணக்கோடு சேர்த்தது. ஆகவே ‘மேல்நாட்டு முறை, நம் முறை’ என்று இவ்விரண்டையும் பிரிப்பது பாதி உண்மைதான்.

இனி ஒரு மாதிரி ஜாதகத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறந்த ஊர் சென்னை, லக்னம் சிம்மம் 25 பாகை, அயனாம்சம் 24 பாகை. சனி, முன்னே சொன்னபடி, மீனம் 20 பாகையில்.

ராசிப்படி மீனம் எட்டாம் வீடு. பிளாசிடஸ் கணக்கில் ஏழாம் வீடு கும்பம் 25 பாகையில் தொடங்குகிறது, எட்டாம் வீடு மீனம் 25 பாகை 11 கலையில்தான் தொடங்குகிறது. 20 பாகையில் நிற்கும் சனி எட்டின் முனையை எட்டவில்லை, ஆகவே ஏழில்தான் இருக்கிறது.

இதே ஜாதகத்தில் மற்ற முனைகளையும் கணக்கிட்டால் எல்லாமே அந்தந்த ராசியின் 25 பாகையை ஒட்டியே விழுகின்றன. சென்னை பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே வீடுகளின் அளவு பெரிதாக ஏறி இறங்குவதில்லை. ஆகவே நம் ஊரில் பிறந்தவருக்குத் தோராயமாக ஒரு கைக்கணக்கு போதும்: கிரகத்தின் பாகை லக்னப் பாகையைவிடக் குறைவாக இருந்தால் அது ஒரு வீடு பின்னால் போகும், அதிகமாக இருந்தால் அதே வீட்டில் நிற்கும். லக்னம் 25 பாகையில் என்றால் பெரும்பாலான கிரகங்கள் பின்வாங்கும். லக்னம் 3 பாகையில் என்றால் அநேகமாக எதுவும் நகராது, இரண்டு ஜோதிடர்களும் ஒன்றையே சொல்வார்கள். சில பாகை வித்தியாசத்தில் நிற்கும் கிரகத்துக்கு மட்டும் சரியான கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

லண்டனில் இந்தக் கைக்கணக்கு செல்லாது. லக்னம் அதே சிம்மம் 25 பாகையாக இருந்தாலும், அங்கே ஒன்றாம் வீடு சுமார் 22 பாகையோடு முடிந்துவிடும், பத்தாம் வீடு 37 பாகை வரை நீளும். எட்டாம் வீடு மீனம் 17 பாகை 30 கலையிலேயே தொடங்கிவிடுவதால் நம் சனி அங்கே பிளாசிடஸிலும் எட்டில்தான். இன்னும் வடக்கே, 66½ பாகை அட்சரேகையைத் தாண்டினால் முறையே உடைந்துபோகிறது. அங்கே ராசி மண்டலத்தின் சில பாகைகள் உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. உதிக்காத புள்ளியின் பயண நேரத்தை எப்படி மூன்றாகப் பிரிப்பது? நார்வேயின் ஃபின்மார்க் பகுதிக்கு மீன் தொழிற்சாலை வேலைக்குப் போன ஈழத்தமிழர் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இது உண்மையான சிக்கல். அந்த ஊர் ஜாதகத்துக்கு ராசிக் கட்டமே கதி.

பலன் எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். சிம்ம லக்னத்துக்குச் சனி ஆறாம், ஏழாம் அதிபதி. ராசிப்படி பார்ப்பவருக்கு ஏழாம் அதிபதி மறைவு ஸ்தானத்தில் இருக்கிறார். திருமணத் தாமதம், வாழ்க்கைத்துணை வழியில் சிரமம் என்று பேச்சு போகும், எட்டில் சனி ஆயுளுக்கு நல்லது என்ற ஆறுதலும் கூடவே வரும். கே.பி. பார்ப்பவருக்கோ ஏழாம் அதிபதி ஏழிலேயே நிற்கிறார். அவர் அதோடு நிறுத்த மாட்டார். கிரகம் தான் நிற்கும் நட்சத்திரத்தின் அதிபதி வழியாகவே முதலில் பலன் தரும் என்பது அவருடைய விதி. மீனம் 20 பாகை ரேவதி, அதன் அதிபதி புதன். புதனோ இந்த ஜாதகத்தில் 2க்கும் 11க்கும் உரியவர். 2, 7, 11 ஆகியவை கே.பி.யில் திருமணத்தைக் கொடுக்கும் வீடுகள். ஆறாம் அதிபதி என்ற குறையும், புதன் எங்கே நிற்கிறது என்ற கேள்வியும் மிச்சம் இருக்கின்றன. ஆனாலும் அவர் கண்ணுக்குச் சனி திருமணத்தைத் தடுக்கும் கிரகமாகத் தெரியாது, நடத்தி வைக்கும் கிரகமாகத்தான் தெரியும்.

வீட்டு அதிபதிகள் இங்கே மாறவில்லை என்பதையும் கவனியுங்கள். ஏழாம் முனையும் கும்பத்தில் விழுந்ததால் இரு முறையிலும் ஏழுக்குடையவர் சனியே. லக்னம் ராசியின் தொடக்கத்திலோ கடைசியிலோ இருந்தால், அல்லது பிறந்த ஊர் வடக்கே தள்ளி இருந்தால், சில முனைகள் பக்கத்து ராசிக்குப் போய்விடும். குறிப்பாகப் பத்தாம் முனை ஒன்பதாம் ராசியிலோ பதினொன்றாம் ராசியிலோ விழலாம். அப்போது தொழிலுக்கு உரிய கிரகமே வேறாகிவிடும். கிரகம் ஒரு வீடு நகர்வதைவிட இது பெரிய மாற்றம்.

பிறந்த நேரம் பிசகினால் எந்த முறை அதிகம் ஆடும்? பிளாசிடஸ்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் மாதிரி ஜாதகத்தில் பாருங்கள். குழந்தை 20 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பிந்திப் பிறந்ததாக வைத்தால் லக்னம் கன்னிக்குப் போய்விடும். ராசிக் கட்டத்தில் ஒன்பது கிரகங்களின் வீடும் ஒரே நொடியில் மாறும், சனி ஏழுக்கு வந்துவிடும். பிளாசிடஸில் முனைகள் ஐந்து பாகை நகரும், முனைக்குப் பக்கத்தில் நிற்கும் கிரகம் மட்டும் வீடு மாறும், சனி ஏழிலேயே இருக்கும். அதே குழந்தை இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாக முந்திப் பிறந்திருந்தால் கதை தலைகீழ்: ராசியில் ஒன்றும் மாறாது, பிளாசிடஸில் சனி எட்டுக்குப் போகும். ராசிக் கட்டம் சுமார் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக மாறும். பிளாசிடஸ் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும். கே.பி.யில் முனையின் உப நட்சத்திரம் வரை பார்ப்பதால்தான் நேரம் அங்கே உயிர்நாடி. சூரியனின் உப நட்சத்திரம் 40 கலைதான், லக்னப் புள்ளி அதை மூன்று நிமிடத்துக்குள் கடந்துவிடும். ‘காலை ஒன்பது, ஒன்பதரை இருக்கும்’ என்று பாட்டி சொன்ன நேரத்தை வைத்துக்கொண்டு உப நட்சத்திரம் பார்ப்பது வீண் வேலை.

ஒரு பொறி பற்றி எச்சரிக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஜாதகத்தில் ராசி, நவாம்சத்துக்குப் பக்கத்தில் ‘பாவ சக்கரம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்த்தவுடன் பிளாசிடஸ் என்று எண்ணிவிடக் கூடாது. பல மென்பொருள்கள் அங்கே ஸ்ரீபதி முறையில் வீடு பிரிக்கின்றன. ஸ்ரீபதியில் லக்னப் புள்ளி ஒன்றாம் வீட்டின் நடு, தொடக்கம் இல்லை. நம் ஜாதகத்தில் அந்தக் கணக்குப்படி எட்டாம் வீடு மீனம் 10 பாகையைத் தாண்டியதும் தொடங்கிவிடும், சனி மறுபடி எட்டில் உட்காரும். பாவக் கட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லும் இரண்டு பேரே முரண்படுவது இதனால்தான்.

இரண்டில் எது சரி என்று வானியல் தீர்ப்புச் சொல்லாது. இரண்டுமே ஒரே வானத்தைப் பிரிக்கும் ஏற்பாடுகள். ஆனால் ஒரு விதி எந்தக் கட்டத்துக்காகச் சொல்லப்பட்டதோ அந்தக் கட்டத்தில்தான் அதைப் பொருத்த வேண்டும் என்பது என் கட்சி. கஜகேசரி போன்ற யோகங்கள், சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணும் செவ்வாய் தோஷம், ராசிப் பார்வைகள் இவையெல்லாம் ராசியை எண்ணிச் சொன்னவை. அவற்றை பிளாசிடஸ் வீட்டில் பொருத்தி, தோஷம் இருக்கிறது, இல்லை என்று பேசுவது கலப்படம். கே.பி. விதிகளை ராசிக் கட்டத்தில் பொருத்துவதும் அப்படித்தான். இதில் தேறாதவர்கள் வசதியான விடை கிடைக்கும்வரை ஒரு கட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறார்கள்.

அடுத்த முறை இரு வேறு பலன் காதில் விழுந்தால் ஜாதகத்தில் லக்னப் பாகையையும் அந்தக் கிரகத்தின் பாகையையும் முதலில் பாருங்கள். பிறகு ஜோதிடரிடம், "நீங்கள் வீடு எண்ணியது ராசியிலா, ஸ்ரீபதி பாவத்திலா, பிளாசிடஸிலா?" என்று கேளுங்கள். பிறந்த நேரத்தைப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு, வீடு மாறுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மாறுகிறது என்றால் அந்தக் கிரகத்தின் வீட்டை வைத்துச் சொன்ன பலனை நம்பி முகூர்த்தமோ பரிகாரமோ முடிவு செய்ய வேண்டாம்.